நான்கு கார் தூரம்

வாக்கிங் போகும்போது இன்னொரு நாயைப் பார்த்ததும் சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்ந்து குரைக்கிற நாயைத் தெருவில் எல்லோரும் "கோபக்கார நாய்" என்றுதான் சொல்வார்கள். அப்படிக் குரைப்பவற்றில் ஏராளமானவை உண்மையில் பயந்து போயிருக்கின்றன. கட்டில்லாத நாய்க்கு எதிரே ஒரு நாய் வந்தால் பல வழிகள் உண்டு. வளைந்து சுற்றிப் போகலாம், தரையை மோந்துகொண்டு நேரம் கடத்தலாம், திரும்பி ஓடலாம். ஆறடிக் கயிற்றின் முனையில் இருக்கும் நாய்க்கு இதில் எதுவும் கிடையாது. மிச்சமிருப்பது ஒன்றுதான்: தன்னைப் பெரிதாகக் காட்டி, "கிட்டே வராதே" என்று கத்துவது. கத்தினால் பலனும் கிடைக்கிறது. எதிரே வந்த நாய் தன் வழியில் போய்விடும், அல்லது நாமே சங்கடப்பட்டு நம் நாயை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். எப்படியானாலும் கத்திய பிறகு அந்த நாய் மறைந்துவிட்டது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவும் இன்னும் சத்தமாகவும் கத்த வேண்டும் என்பதைத்தான் நம் நாய் கற்றுக்கொள்கிறது.

எங்கள் பொம்மி அப்படிப்பட்டவள். செம்பழுப்பு நிற நாட்டு நாய், இரண்டரை வயது, 16 கிலோ. குட்டியாக இருந்தபோது தெருவில் பெரிய நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து அவளைப் புரட்டிப் போட்டிருக்கின்றன. காதோரம் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டில் "உட்கார்", "இரு", "வா" எல்லாம் ஒரு சொல்லில் கேட்பாள். மேற்கு மாம்பலத்துச் சந்தில் இறங்கி, டீக்கடை வாசலில் ஒரு நாய் தலையைத் தூக்கிவிட்டால் போதும், அந்தச் சொற்கள் எதுவும் அவள் காதில் ஏறாது. அதைக் கீழ்ப்படியாமை என்று நினைத்து அதட்டுகிறவர்கள் உண்டு. நடுங்கிக்கொண்டிருக்கிற ஒருவரிடம் வாய்ப்பாடு கேட்டால் அவருக்கு எப்படி வரும்? இங்கே மாற வேண்டியது அவளுடைய உணர்வு. இன்னொரு நாய் கண்ணில் பட்டதும் வயிற்றுக்குள் எழுகிற பயத்தின் இடத்தில் வேறொன்று வர வேண்டும்.

உணர்வை அப்படி மாற்ற முடியும் என்பதைத் தெளிவாகச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். 1924-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பீட்டர் என்று ஒரு குழந்தை வருகிறான். மூன்று வயது நிரம்பாத அவனுக்கு முயலைக் கண்டால் பயம். பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து அவனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கம்பிக் கூண்டில் கொண்டுவந்தார்கள். அவன் சாப்பாடு தடைப்படாத அளவுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவுதான், அதற்கு மேல் ஓரடி கிடையாது. நாள் போகப் போகக் கூண்டு நெருங்கி வந்தது. கடைசியில் பீட்டர் முயலைக் கையால் தொட்டு விளையாடினான்.

அந்த ஆய்வில் இரண்டு விஷயங்களை நாய் வளர்ப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஜோன்ஸ் கொடுத்த எச்சரிக்கை. கவனமில்லாமல் செய்தால் முயலின் மீதான பயம் தின்பண்டத்தின் மேலேயே ஏறிவிடலாம் என்றார். இன்னொன்று பீட்டருக்கு நடுவில் நேர்ந்தது. அவன் நன்றாகத் தேறி வந்துகொண்டிருந்தபோது காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்குப் போய்விட்டான். அங்கிருந்து கிளம்பி டாக்ஸியில் ஏறும் நேரத்தில் ஒரு பெரிய நாய் ஓடிவந்து அவன் மேலும் கூட வந்த செவிலியர் மேலும் பாய்ந்தது. முயல் பயம் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. உணவு கொடுத்துப் பழக்கும் முறையைத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். நூறு வருடத்துக்கு முந்தைய இந்தக் கதையில், சென்னைத் தெருவில் நாயோடு நடப்பவருக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது: உணவு, தூரம், எதிர்பாராமல் பாய்கிற ஒரு நாய்.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், பலரும் தடுமாறுவது அங்கேதான். நம் நாய் எதிர் நாயைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கை ட்ரீட் பைக்குள் போக வேண்டும். எதிர் நாய் கண்ணில் தெரிகிறவரை ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னத் துண்டுகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நாய் மறைந்ததும் கையும் நின்றுவிட வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் பாடமும் தலைகீழாகும். தூரத்தில் நாய் வருவதை நாம் முதலில் பார்த்துப் பதறி, பையைச் சரசரவெனத் திறந்து ட்ரீட்டை நீட்டுகிறோம் என்று வையுங்கள். நம் நாய் அதைத் தின்றபடி தலையைத் தூக்கினால் எதிரே பயப்படும் பொருள் நிற்கிறது. நாலு தடவை இப்படி நடந்தால், பை திறக்கும் சத்தம் கேட்டாலே தெருவை மேலும் கீழும் துழாவ ஆரம்பித்துவிடும். சில நாய்கள் தெருவில் கொடுக்கும் தீனியையே வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஜோன்ஸ் சொன்ன எச்சரிக்கை இதுதான்.

இதே போன்ற இன்னொரு பழக்கம், கையில் ட்ரீட்டை மூடி வைத்து நாயின் மூக்கை அதில் ஒட்டவைத்தபடி எதிர் நாயைத் தாண்டிப் போவது. பார்ப்பதற்கு வெற்றி போலவே இருக்கும். நாய் குரைக்காமல் கடந்துவிடும். ஆனால் அது எதிர் நாயைப் பார்க்கவே இல்லை. பார்க்காததைப் பற்றிய உணர்வு எப்படி மாறும்? நடுவில் கை விலகி, மூன்றடித் தூரத்தில் ஒரு நாய் நிற்பது திடீரென்று தெரிந்தால், நெடுந்தூரத்தில் கிடைக்கிற அதிர்ச்சியைவிடப் பல மடங்கு அதிர்ச்சி. வேறு வழியே இல்லாத நெருக்கடியில் ஒருமுறை இப்படிக் கடந்துபோகலாம். அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

என்ன கொடுப்பது? பொம்மிக்குக் கோழி ஈரல். உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்து, ஆறியதும் பட்டாணி அளவுக்கு நறுக்கி, தண்ணீர் வற்ற வாணலியில் லேசாகப் புரட்டி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். ஈரலையே தினமும் நிறையக் கொடுத்தால் வைட்டமின் ஏ அதிகமாகிவிடும் என்பதால் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியையும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். சைவ வீடுகளில் பனீர் அருமையாக வேலை செய்யும். திராட்சையும் கிஸ்மிஸும் நாய்க்கு விஷம், அந்தப் பக்கமே போகக் கூடாது. எதைக் கொடுத்தாலும் ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட்டாகப் போகாமல், அந்த அளவுக்கு ராத்திரிச் சோற்றைக் குறைத்துவிட வேண்டும். ஈரல் எங்கள் வீட்டில் வேறெதற்கும் கிடையாது. உட்கார்ந்ததற்கு ஈரல், குளித்ததற்கு ஈரல் என்று ஆகிவிட்டால், நாயைப் பார்ப்பதும் ஈரலும் சேர்ந்தே வருகின்றன என்ற முடிச்சு அவள் மனதில் விழவே விழாது.

இவ்வளவும் சரியாக இருந்து தூரம் மட்டும் தவறினால் எல்லாமே வீண். ஒவ்வொரு நாய்க்கும், எதிர் நாயைப் பார்த்தும் நிதானமாக இருக்க முடிகிற ஒரு தூரம் உண்டு. அதற்கு உள்ளே வந்துவிட்டால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிடும், ஈரலும் மண்ணும் ஒன்றுதான். அந்தத் தூரம் எது என்பதை நான் கண்டுபிடித்தது பொம்மியின் பற்களை வைத்து. நிதானமாக இருக்கும்போது என் விரலிலிருந்து துண்டை உதட்டால் எடுப்பாள், பல் படவே படாது. கொஞ்சம் இறுக்கம் வந்தால் முன்பற்கள் விரலில் உரசும். இன்னும் கிட்டே போனால் வெடுக்கென்று பிடுங்குவாள், விரல் நுனி வலிக்கும். அதற்கும் அடுத்த கட்டத்தில் துண்டு வாய்க்குள் போகும், மெல்ல மாட்டாள், அது அப்படியே கீழே விழும். கண் எதிர் நாயின் மேலேயே குத்திட்டிருக்கும், அதுவரை லேசாகத் திறந்திருந்த வாய் மூடியிருக்கும், உடம்பின் எடை முன்னங்கால்களுக்குப் போயிருக்கும். குரைப்பு இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. விரலில் பல் உரசும்போதே பின்வாங்கிவிட்டால் அந்தக் கட்டத்துக்குப் போகவே வேண்டியதில்லை.

இனி சென்னையின் சிக்கல். இந்த முறையை விளக்குகிற வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு பெரிய புல்வெளி இருக்கும். அந்த முனையில் பயிற்சியாளரின் நண்பர் தன் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, சொன்ன நேரத்தில் வந்து சொன்ன நேரத்தில் மறைவார். எங்கள் சந்தின் அகலம் இரண்டு ஆட்டோ. இங்கிருக்கும் நாய்கள் கயிற்றில் இல்லை, நம் வசதிக்கு வந்து போகவும் போவதில்லை. அதனால் தூரம் நமக்குக் கிடைக்கிற இடத்தைத் தேடிப் போக வேண்டும். நாங்கள் தொடங்கியது மொட்டை மாடியில்.

எங்கள் அபார்ட்மென்ட் மாடியின் கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் சுவருக்குப் பதில் இரும்புக் கிராதி இருக்கிறது. அதன் வழியே தெரு தெரியும். கிராதியை ஒட்டி நின்றால் நேர் கீழே படுத்திருக்கும் நாய்கள் வரை தெரியும். பின்னால் வர வர அவை மறைந்து, தெருவின் அந்தக் கோடி மட்டும்தான் கண்ணில் படும். அதாவது மாடியில் இரண்டடி பின்னால் வைத்தால் தெருவில் பல அடி தூரம் கூடும். பொம்மிக்கு ஹார்னஸ் போட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்துகொள்வோம். கோடியில் ஒரு நாய் குறுக்கே போகும். அவள் பார்ப்பாள், ஈரல் வரும். நாய் வீட்டு வாசலுக்குள் மறையும், ஈரல் நிற்கும். எங்கோ இன்னொரு நாய் குரைக்கும் சத்தம் மட்டும் வந்தாலும் அதற்கும் ஈரல் உண்டு. சென்னையில் பாதி பயம் காது வழியாகத்தான் வருகிறது. இந்த நாட்களில் அவளைச் சந்துக்குள் வாக்கிங் கூட்டிப் போவதை அறவே நிறுத்திவிட்டோம். விடிவதற்கு முன் வாசலிலேயே ஒன்றுக்கு, இரண்டுக்குப் போய்விட்டு உடனே மேலே. காலையில் மாடியில் பாடம், மாலையில் சந்தில் நாலு நாயிடம் மாட்டிக்கொண்டு கத்தல் என்றிருந்தால் பாடம் நிற்காது. நடை குறைந்த ஈடுக்கு, பழைய துண்டில் சோற்று உருண்டைகளைச் சுருட்டி வைத்து மோந்து தேட விட்டோம்.

சில வாரங்களில், கோடியில் நாய் தெரிந்ததும் பொம்மி ஒரு கணம் பார்ப்பாள், காது ஒருமுறை அசையும், உடனே என் பக்கம் திரும்பி வாலைத் தளர்வாக ஆட்டுவாள். "எங்கே என் பங்கு?" என்கிற பார்வை. யாரும் சொல்லித்தராமல், கூப்பிடாமல் வருகிற அந்தத் திரும்பல்தான் உணர்வு மாறத் தொடங்கியதற்கு அடையாளம். அது வந்த பிறகுதான் தரைக்கு இறங்கினோம்.

தரைக்கு அசோக் நகர். அங்கே சில அவென்யூக்கள் எங்கள் சந்தைவிட நாலு மடங்கு அகலம், இருபக்கமும் கார்கள் நிற்கும். அண்ணன் காரில் கொண்டுபோய் இறக்குவான். நின்றிருக்கும் கார்களே எங்களுக்கு அளவுகோல் ஆயின. இங்கே ஓடும் சின்ன கார்கள் பெரும்பாலும் 4 மீட்டர் நீளத்துக்குள் இருக்கும். அதைத் தாண்டினால் வரி கூடும் என்பதால் கம்பெனிகள் அந்தக் கோட்டுக்குள் நிறுத்திவிடுகின்றன. இடைவெளியையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 5 மீட்டர். அந்தக் கார்களே மறைப்பாகவும் பயன்படும். ஒரு வேனின் பின்னால் இரண்டு எட்டு வைத்தால் எதிர் நாய் மறைந்துவிடுகிறது. வெளிநாட்டு நண்பர் தன் நாயோடு செய்கிற வேலையை இங்கே நின்றிருக்கும் மாருதி வேன் செய்கிறது.

எந்தத் தெரு, எந்த நேரம் என்பதைச் சொன்னவர் அங்கே நாய்களுக்குச் சாப்பாடு போடும் அக்கா. தூக்குவாளியோடு காலையில் வருவார். ஒரு தெருவின் நாய்களைப் பற்றி அவரளவு தெரிந்தவர் யாரும் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் பொம்மியைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார்.

"பிரௌனிதாம்மா உனக்குச் சரியா வரும். ஏழு மணிக்கு மேல அயர்ன் வண்டிக்குக் கீழ போய்ப் படுத்துடும். வயசாயிடுச்சு, யார் போனாலும் எழுந்திருக்காது. அந்த முனை வீட்டுக் கறுப்பன்கிட்ட மட்டும் போயிடாத, அவன் பைக்கையே துரத்துவான்."

"மத்தியானம் வந்தா எல்லாம் தூங்குமா அக்கா?"

"தூங்கும், ஆனா ரோடு சுடுமே. உன் பொண்ணு கால் பொத்துப் போயிடும். ஏழுலேர்ந்து எட்டுக்குள்ள வா. நான் சாப்பாடு போட்டுட்டுப் போனப்புறம் வா, அப்போ எல்லாத்துக்கும் வயிறு நிறைஞ்சிருக்கும்."

அவர் கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயம் அல்ல. கையில் ஈரலோடு தெருவில் நிற்கும்போது, பசியோடு இருக்கிற தெரு நாய் வாசனை பிடித்து நம்மை நோக்கி வரும். நாம் விட்டு வைத்த தூரம் ஒரு நொடியில் போய்விடும். அதனால்தான் ட்ரீட்டைத் தரையில் தூவித் தேடவிடுகிற பழக்கத்தை நான் தெருவில் செய்வதில்லை, மாடியில் மட்டும்தான். தெருவில் கையிலிருந்து நேராக வாய்க்கு. விழுந்த துண்டைக்கூட விட்டுவிடாமல் பொறுக்கிவிடுவேன்.

பிரௌனியோடு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். முதல் நாள் எட்டு கார் தள்ளி நின்றோம். வண்டிக்கு அடியில் ஒரு பழுப்பு முதுகு மட்டும்தான் தெரிந்தது. பொம்மியின் காது நிமிர்ந்தது, வாய் மூடியது. முதல் துண்டைப் பல்லால் உரசி எடுத்தாள். ஒரு கார் பின்வாங்கி ஒன்பதில் நின்றோம். அங்கே உதட்டால் எடுத்தாள். பிரௌனி தெரிகிறவரை துண்டுகள், வேனுக்குப் பின்னால் போனதும் வெறும் கை. மறுபடி வெளியே வந்து பார்வை, துண்டுகள். பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டு காருக்குத் திரும்பிவிடுவோம், அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. நன்றாகப் போகிறதே என்று அரை மணி நேரம் நீட்டினால், களைப்பில் கடைசி ஐந்து நிமிடம் கெட்டுப்போகும்.

ஒவ்வொரு தூரத்திலும் அந்தத் திரும்பிப் பார்க்கும் பார்வை தயங்காமல் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த காருக்கு நகர்ந்தோம். பார்வை நிலைத்த பிறகு நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். முன்பு அவள் பிரௌனியைப் பார்த்ததுமே கொடுத்தேன். இப்போது பார்த்துவிட்டு என்னிடம் திரும்புகிறவரை ஒரு மூச்சு காத்திருந்து கொடுத்தேன். இரண்டு மூச்சுக்கு மேல் திரும்பவில்லை என்றால் அது பொம்மியின் பிடிவாதம் அல்ல, நாங்கள் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். உடனே கொடுத்துவிட்டு விலகிவிடுவோம்.

நான்கு கார் தூரத்தில் சிக்கிக்கொண்டது. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பிரௌனி அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அதே நாய், அதே தூரம்தான். பொம்மியின் முதுகு மயிர் சிலிர்த்துவிட்டது. தூங்கும் நாய், உட்கார்ந்திருக்கும் நாய், குறுக்கே நடக்கும் நாய், நேரே வரும் நாய், உற்றுப் பார்க்கும் நாய் எல்லாமே அவளுக்குத் தனித்தனி விஷயங்கள். நாய்களின் மொழியில் உற்றுப் பார்ப்பது மிரட்டல், நேருக்கு நேர் வருவது மரியாதைக் குறைவு. ஒன்று கடினமாகும்போது இன்னொன்றை இளக்கியாக வேண்டும். பிரௌனி விழித்திருந்தால் ஏழு காருக்குப் பின்வாங்கினோம். அங்கிருந்து மறுபடி ஒவ்வொன்றாக. நேராக நெருங்காமல் எதிர்ச் சாரியில் இணையாக நடந்து போனால் இன்னும் இரண்டு கார் அளவுக்கு நெருங்க முடிந்தது. பொம்மிக்கும் அது எளிதாக இருந்தது, பிரௌனியும் எங்களை லட்சியம் செய்யவில்லை.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் சில நாட்கள் குரைப்பாள். அப்போது ட்ரீட் கொடுத்தால் குரைப்பதற்குப் பரிசு கொடுத்தது ஆகாதா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. பயம் என்பது கூலிக்காகச் செய்கிற வேலை அல்ல, ஈரல் கிடைக்கிறது என்பதற்காக யாரும் கூடுதலாகப் பயப்படுவதில்லை. நாயைக் கண்டால் நல்லது வரும் என்ற பாடம் அவள் குரைத்தபோதும் உண்மையாகவே இருக்க வேண்டும். அதனால் குரைத்தாலும் முதலில் விலகுவேன், சாப்பிட முடிகிற தூரம் வந்ததும் கொடுப்பேன். அந்த நிமிடத்தில் கயிற்றைச் சுண்டுவதுதான் பெரிய கேடு. நம் ஊரில் இன்னும் நிறையப் பேர் சோக் செயின் போடுகிறார்கள். எதிர் நாய் தெரியும் ஒவ்வொரு முறையும் கழுத்து இறுகினால், "நாய் வந்தால் வலிக்கும்" என்பதைத்தான் அந்தச் செயின் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறது. நாம் ஈரலால் எழுதுவதை அது அழித்துக்கொண்டே வரும். அடி விழும் பயத்தில் உறுமுவதை மட்டும் நிறுத்திக்கொண்ட நாய் இன்னும் ஆபத்து. அது முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும். நெஞ்சைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸும், சாதாரணமான இரண்டு மீட்டர் கயிறும் போதும். இழுத்தால் நீளும் சுருள் கயிறு வேண்டாம், அதில் தூரம் நம் கையில் இல்லை.

கட்டில்லாத நாய் ஒன்று பாய்ந்து வந்தால் பயிற்சி அத்தோடு முடிந்தது, இனி பாதுகாப்பு மட்டும்தான். கறுப்பன் ஒருமுறை முனையிலிருந்து வந்தான். பொம்மியைக் காருக்கும் எனக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு, கையிலிருந்த ஈரல் முழுவதையும் அவன் முன்னால் வீசினேன். தரையில் போடாத ஈரலைப் போட வேண்டிய ஒரே நேரம் அதுதான். அவன் குனிந்து தின்ற அந்தச் சில விநாடிகளில் கார்களின் மறைவில் நடந்து விலகினோம். ஓடக் கூடாது, ஓடினால் துரத்தும். தெரு நாய்கள் பெரும்பாலும் தங்கள் எல்லை வரைதான் வரும். அந்த முனையைத் தாண்டிவிட்டால் நின்றுவிடும். நம் நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். நம்மைக் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும்.

கறுப்பன் வந்த நாளுக்குப் பிறகு பொம்மி பீட்டரைப் போலப் பின்னால் போய்விட்டாள். ஒரு பெரிய பயத்துக்குப் பிறகு உடம்பின் பதற்றம் அடங்க நாட்கள் ஆகும். அதற்குள் அடுத்த பயம் வந்தால் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். சில நாள் தெருவே வேண்டாமென்று மாடியிலேயே இருந்தோம். பிறகு ஒன்பது காரிலிருந்து மீண்டும் தொடங்கினோம். இந்த முறை முன்பைவிட வேகமாகவே நெருங்க முடிந்தது. தீபாவளி வாரத்திலும் இதேபோல்தான். பட்டாசுச் சத்தத்தில் ராத்திரி முழுக்கத் தூங்காத நாய்க்கு, நேற்றுவரை தாங்கிய தூரம் காலையில் போதாது. அந்த வாரம் பயிற்சிக்கு விடுமுறை.

தூரமும் ஈரலும் எட்டாத இடங்களும் உண்டு. அதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று மற்ற நாய்களைக் கண்டு சீற ஆரம்பித்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். காதில் சீழ், இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எதுவும் காரணமாக இருக்கலாம். இடுப்பு வலிக்கிற நாய்க்கு யாராவது வந்து மோதிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதே. அதை ஈரல் கொடுத்து மாற்ற முடியாது. எவ்வளவு தள்ளி நின்றாலும் நிதானம் வராத, வீட்டுக்குள்ளேயே ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கிற நாய்களுக்குப் பதற்றத்தைத் தணிக்க மருத்துவர் மாத்திரை தருவார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தெரிந்த மருத்துவரிடமோ கேட்கலாம். நாயை மயக்கி வைப்பதற்கல்ல அது, பாடம் மண்டையில் ஏறுகிற அளவுக்கு நெஞ்சை அமைதிப்படுத்தத்தான். உண்மையாகவே கடித்துக் காயப்படுத்திய வரலாறு இருந்தால், வாய்க்கூடையைப் பொறுமையாகப் பழக்கிவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகையாக இருக்கட்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப் பட்டை நம் வெயிலுக்கு ஆகாது, வாய் திறந்து இளைக்க முடியாமல் நாய் சூடேறிப் போய்விடும்.

பொம்மி மற்ற நாய்களோடு விளையாட வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. அவளுக்கு அதில் ஆசையும் இல்லை. அயர்ன் வண்டியைத் தாண்டி எதிர்ச் சாரியில் நடந்துபோக முடிய வேண்டும், அவ்வளவுதான். இப்போது பிரௌனி படுத்திருந்தால் இரண்டு கார் தூரத்தில் கடந்துவிடுகிறாள். எழுந்து நின்றால் நான்கு வேண்டும். பிரௌனியிடம் கற்றது மற்ற நாய்களுக்குப் பாதிதான் செல்லுபடியாகிறது. வாலை விறைத்துக்கொண்டு நிற்கும் பெரிய ஆண் நாய்களிடம் ஆறுக்குக் குறைய முடியவில்லை. போன வாரம் அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, பால் பூத் பக்கம் புதிதாக ஒரு பெட்டை குட்டிகளோடு வந்திருக்கிறது என்று சொன்னார். குட்டி போட்ட தாய் எல்லையைத் தாண்டியும் வரும் என்பதால் அந்தத் தெருவை விட்டுவிட்டு, குட்டிகள் வளர்கிறவரை அடுத்த அவென்யூவில் இறங்கிக்கொள்கிறோம்.